வாரம் ஒரு நாள், அதே மேசை

2005 ஆகஸ்ட் மாதம். சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் பிராட் நியூபெர்க் என்ற மென்பொருள் நிரலாளருக்கு ஒரு சங்கடம். கம்பெனி வேலைக்குப் போனால் கூடப் பேசிச் சிரிக்க ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் நேரம் தன் கையில் இல்லை. சொந்தமாக வேலை எடுத்து வீட்டிலிருந்து செய்தால் நேரம் தன் கையில் இருக்கிறது, ஆனால் நாள் முழுக்கப் பேச ஒரு ஆள் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பெற முடியுமா என்று பார்க்க, ஸ்பைரல் மியூஸ் என்ற பொது இல்லத்தில் ஓர் இடத்தை மாதம் 300 டாலருக்கு எடுத்தார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும், திங்களும் செவ்வாயும். காலையில் மடக்கு மேசைகளை விரித்துப் போடுவார், இணைய இணைப்பைத் தயார் செய்வார், யாராவது வருவார்கள் என்று காத்திருப்பார்.

முதல் மாதம் ஒருவர்கூட வரவில்லை.

அவர் மேசைகளை விரிப்பதை நிறுத்தவில்லை. தெரிந்த காபிக் கடைகளில் துண்டறிக்கை கொடுத்தார், பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். பிறகு ஒருவர் வந்தார், அவரைத் தொடர்ந்து மற்றவர்கள் வந்தார்கள். மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதும் அங்கே வழக்கமாயிற்று. உலகம் முழுக்கப் பரவிவிட்ட கோவொர்க்கிங் தொழிலின் பிறப்புக் கதையாக இதைச் சொல்வார்கள். அந்தத் தொழில் எப்படி வளர்ந்தது என்பதைவிட, நியூபெர்க் நாளை மாற்றவில்லை என்பதுதான் இந்தக் கதையில் பயனுள்ள பகுதி. திங்களும் செவ்வாயும் அங்கே போனால் ஆள் இருப்பார் என்று ஊருக்குத் தெரிந்தது. தெரிந்தவர்கள் வந்தார்கள்.

தனியாகத் தொழில் செய்கிற ஃப்ரீலான்சர்களும் ஸ்டார்ட்அப் தொடங்கியிருக்கும் நிறுவனர்களும் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறவர்கள். நிறுவனருக்கு ஒரு வலைதளம் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும், பொருளின் வரைபடத்தைத் திருத்தித் தர ஆள் வேண்டும். ஆனால் இத்தனைக்கும் மாதச் சம்பளத்தில் ஆள் வைக்கப் பணம் இருக்காது. ஃப்ரீலான்சருக்கு வேலை வேண்டும், அதுவும் ஒரு முறையோடு நின்றுவிடாத வேலை. இந்த இரு தரப்பும் சந்திக்கக்கூடிய இடங்கள் என்று கோவொர்க்கிங் கூடங்களையும் ஸ்டார்ட்அப் இன்குபேட்டர்களையும் சொல்கிறார்கள். சொல்வது சரிதான். ஆனால் கதவைத் திறந்து உள்ளே போனவர்களில் பலர், நாள் வாடகை கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, மாலை வரை மடிக்கணினியைப் பார்த்துவிட்டு, யாரையும் சந்திக்காமலே வீடு திரும்புகிறார்கள். எந்தக் கட்டடத்துக்குப் போகிறோம், அதில் எங்கே உட்காருகிறோம், எத்தனை முறை திரும்பப் போகிறோம் என்ற மூன்றையும் யோசிக்காமல் போனால் அப்படித்தான் ஆகும்.

கட்டடத்திலிருந்து தொடங்கலாம். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் கோவொர்க்கிங் என்று பலகை மாட்டிய இடங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. பெரிய நிறுவனங்கள் தங்களுக்கென்று அலுவலகம் கட்டாமல், ஐம்பது இருக்கை, இருநூறு இருக்கை என்று மொத்தமாக இத்தகைய இடங்களில் வாடகைக்கு எடுக்கின்றன. நடத்துகிறவர்களுக்கு அது நிலையான வருமானம், ஆகையால் பல கட்டடங்களில் பெரும்பகுதித் தளங்கள் அப்படிப்பட்ட குழுக்களுக்கே போய்விடுகின்றன. பளபளப்பான வரவேற்பறை, நல்ல காபி இயந்திரம், வேகமான இணையம் எல்லாம் இருக்கும். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் ஊழியர்கள். அவர்கள் வேலை தருகிற நிலையிலும் இல்லை, வேலை தேடுகிற நிலையிலும் இல்லை. தேநீருக்கு எழுந்து வந்தாலும் தங்கள் குழுவோடுதான் வருவார்கள்.

உள்ளே சேருவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம். வரவேற்பறையில் உறுப்பினர் நிறுவனங்களின் பெயர்ப்பலகை இருந்தால் அதை நின்று படிக்க வேண்டும். கேள்விப்பட்ட பெரிய பெயர்கள் நாலைந்து மட்டும் இருந்தால் அது ஒரு சேதி. கேள்விப்படாத சின்னப் பெயர்கள் முப்பது இருந்தால் அது வேறு சேதி. ஒரு இருக்கை, இரண்டு இருக்கை எடுத்திருக்கும் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று அங்கிருக்கும் மேலாளரிடம் நேரடியாகக் கேட்கலாம். உறுப்பினர்களின் தேவைகளைக் கவனிக்கவே கம்யூனிட்டி மேனேஜர் என்று ஒருவரைப் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். அவரால் அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிகிறதா என்பதே ஒரு சோதனை. உறுப்பினர்களைத் தெரிந்த மேலாளர், எண்ணிக்கையோடு நிற்காமல் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் சொல்லிவிடுவார்.

எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை, மதியம் ஒரு மணிக்குச் சமையலறைப் பக்கம் போய்ப் பார்ப்பது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரே நீள மேசையில் பல பேர் சாப்பிடுகிறார்களா, அல்லது எடுத்துக்கொண்டு அவரவர் கண்ணாடி அறைக்குள் போய்விடுகிறார்களா? இதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வரும் நேரத்தைக் காலை பதினொன்றுக்கு வைக்காமல் மதியம் ஒன்றுக்கு வைப்பது நல்லது.

அடுத்தது, எங்கே உட்காருவது. இதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் மிகப்பெரிய தொழில்நுட்பக் கோவொர்க்கிங் மையங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மரியா ரோச், அலெக்சாண்டர் ஓட்டல், கிறிஸ்டியன் கட்டாலினி என்ற மூன்று ஆய்வாளர்கள் அங்கிருந்த 251 ஸ்டார்ட்அப்களைப் பின்தொடர்ந்தார்கள். யாருக்கு எந்த அறை என்பது அங்கே விருப்பப்படி அமையவில்லை, குலுக்கல் போட்டதுபோல அமைந்தது. அதனால், நண்பர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள், அதனால்தான் ஒருவரை ஒருவர் பின்பற்றினார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அவர்கள் அளந்தது ஒரு எளிய விஷயம். ஒரு ஸ்டார்ட்அப் தன் வலைதளத்தில் பயன்படுத்தும் தொழில்நுட்பக் கருவியைப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றும் எடுத்துக்கொள்கிறதா? எடுத்துக்கொண்டால் இருவருக்கும் இடையே ஏதோ பேச்சு நடந்திருக்கிறது, ஓர் அறிவு கைமாறியிருக்கிறது என்று பொருள்.

அருகருகே இருந்தவர்களுக்கிடையே அது நடந்தது. ஆனால் தூரம் கூடக் கூட மிக விரைவாகக் குறைந்தது. ஒரே தளத்தில் 20 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்த இரண்டு ஸ்டார்ட்அப்கள், வெவ்வேறு தளங்களில் இருந்தவற்றைப் போலவே ஆகிவிட்டன. இருபது மீட்டர் என்பது இரண்டு பேருந்துகளை முன்னும் பின்னும் நிறுத்தினால் வரும் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே கட்டடம், ஒரே மின்தூக்கி, ஒரே இணையம். இருந்தும் அந்தத் தூரத்தைத் தாண்டினால் கூடத்தில் சேர்ந்திருப்பதன் பயன் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடுகிறது.

இந்த ஆய்வின் இன்னொரு முடிவு ஃப்ரீலான்சர்களுக்கு இதைவிடப் பயனுள்ளது. அருகில் இருந்தவர்கள் அங்கே நடக்கும் கூட்டங்களுக்கும் சேர்ந்து வந்தார்கள். அப்படிப் பழகியவர்களில், ஒருவரைப்போல் இன்னொருவர் இல்லாத இணைகளுக்கிடையேதான் அறிவு அதிகமாகக் கைமாறியது. வலை வடிவமைப்பாளர் இன்னொரு வலை வடிவமைப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு இனிமையாக இருக்கும், ஆனால் இருவரும் தேடுவது ஒரே வேலையை. மருந்துக் கடைகளுக்கு மென்பொருள் செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால், பேச்சு தொடங்கக் கொஞ்சம் நாளாகும், ஆனால் அவரிடம் இருப்பது இவருக்குத் தெரியாதது, இவரிடம் இருப்பது அவருக்குத் தேவைப்படுவது.

ஆகவே தனி அறைக்குப் பணம் கட்டுவது, ஆட்களைச் சந்திக்க வருகிறவருக்குக் கூடுதல் செலவு வைத்துக் குறைவான பலன் தரும் ஏற்பாடு. இருக்கை நிரந்தரமாகக் குறிக்கப்படாத பொது மேசை போதும். அதுவும் சமையலறைக்குப் போகும் வழியில், தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு அருகில். அங்கே சத்தம் இருக்கும். கூர்ந்து கவனிக்க வேண்டிய வேலையை வீட்டில் செய்துவிட்டு, மின்னஞ்சலுக்குப் பதில், ரசீது தயாரிப்பு, வரைபடத் திருத்தம் என்று இடையில் நிறுத்திப் பேசினாலும் கெடாத வேலையை அந்த நாளுக்கு ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் இரண்டாம் வாரமே, அங்கே வேலை ஓடவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறார்கள்.

இன்குபேட்டர் வேறு வகை. கோவொர்க்கிங் கூடத்தில் பணம் கட்டினால் இடம். இன்குபேட்டரில் விண்ணப்பம், நேர்காணல், தேர்வு எல்லாம் உண்டு, தேர்வாகிறவை ஸ்டார்ட்அப்கள் மட்டும். ஃப்ரீலான்சர் அங்கே உறுப்பினராக முடியாது. அங்கிருக்கும் நிறுவனர்களும் காபிக்காகவோ இருக்கைக்காகவோ வந்தவர்கள் அல்லர். அங்கே மட்டும் கிடைக்கும் ஏதோ ஒன்றுக்காக வந்தவர்கள். 2010-இல் தொடங்கிய சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவை எடுத்துக்கொண்டால், ஐஐடியின் பேராசிரியர்களும் ஆய்வகங்களும் எட்டும் தூரத்தில் இருப்பதுதான் அதன் ஈர்ப்பு. 2017-இல் தொடங்கிய அக்னிகுல் என்ற ராக்கெட் நிறுவனம் ஐஐடியின் எரிதல் ஆய்வு மையத்தை ஒட்டி வளர்ந்தது. 2024 மே 30 அன்று, முப்பரிமாண அச்சில் உருவான எஞ்சினோடு அதன் சோதனை ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. இப்படிப்பட்ட இடங்களில் இருக்கும் நிறுவனரின் நாள் ஆய்வகத்திலும் பட்டறையிலும் போகிறது. அவரைப் பொது மேசையில் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது வீண்.

அவர்கள் வெளியாட்களோடு கலக்கும் நேரங்கள் சில உண்டு. தயாரித்ததை எல்லோருக்கும் செய்து காட்டும் டெமோ நாள், பயிற்சிப் பட்டறை, அரசுத் திட்டங்களை விளக்கும் கூட்டம் ஆகியவை அவை. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பும் கூட்டங்கள் நடத்துகிறது. ஹெட்ஸ்டார்ட் என்ற தன்னார்வ அமைப்பு, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையை ஸ்டார்ட்அப் சாட்டர்டே என்று வைத்துப் பல நகரங்களில் கூட்டம் நடத்திவருகிறது. தேதி நிலையாக இருப்பதால் இத்தகைய கூட்டங்கள் வழக்கமாகப் போவதற்கு ஏற்றவை. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் வென்ச்சர் கஃபே இதே முறையை வாரக் கணக்கில் செய்கிறது. வியாழக்கிழமைதோறும் பிற்பகலில் கதவு திறந்திருக்கும், நுழைவு இலவசம், ஸ்டார்ட்அப்காரர்களும் முதலீட்டாளர்களும் மாணவர்களும் வந்து போவார்கள். ஒரு வாரம் தவறவிட்டால் அடுத்த வியாழன் இருக்கிறது என்பதால், முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் யாருக்கும் இல்லை.

இனி ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் ஓர் இளம் பெண் பொறியாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பம்ப் தொழிற்சாலை ஒன்றில் சில ஆண்டுகள் வடிவமைப்புப் பிரிவில் இருந்துவிட்டு, கணினியில் வரைபடம் போட்டுத் தரும் வேலையை இப்போது சொந்தமாகச் செய்கிறார். பழைய கம்பெனியின் பழக்கத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள். மூன்றாவது கிடைக்கவில்லை. அவர் ஊரில் பி.எஸ்.ஜி. கல்லூரியைச் சேர்ந்த பி.எஸ்.ஜி. ஸ்டெப் 1998-லிருந்து இயங்குகிறது. ஃபோர்ஜ் என்ற இன்குபேட்டரும் இருக்கிறது. கையில் தொட்டுப் பார்க்கும் பொருளைச் செய்கிற ஸ்டார்ட்அப்களுக்கு ஏற்ற ஊர் அது. வார்ப்படப் பட்டறையும் லேத் பட்டறையும் அச்சு செய்கிறவர்களும் ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கிறார்கள்.

அத்தகைய ஸ்டார்ட்அப் ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். முதல் மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்திருப்பார்கள், அழகாக வந்திருக்கும். அதையே ஆயிரம் எண்ணிக்கையில் பிளாஸ்டிக்கில் செய்ய அச்சுப் பட்டறைக்குக் கொண்டுபோனால், இந்த வரைபடத்துக்கு அச்சு வெட்ட முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள். காரணம் எளிது. உருக்கிய பிளாஸ்டிக்கை இரும்பு அச்சுக்குள் செலுத்தி ஆறவிட்டு வெளியே தள்ளும்போது, பக்கச் சுவர்கள் நேர்செங்குத்தாக இருந்தால் பொருள் அச்சைப் பிடித்துக்கொள்ளும். ஓரிரு டிகிரியாவது சாய்வு வேண்டும். சுவரின் தடிமன் ஓரிடத்தில் இரண்டு மில்லிமீட்டரும் இன்னோரிடத்தில் ஆறு மில்லிமீட்டருமாக இருந்தால், தடித்த இடம் மெதுவாக ஆறி உள்வாங்கிக் குழிவிழும். முப்பரிமாண அச்சு இந்த இரண்டு குறைகளையும் மன்னித்துவிடும், இரும்பு அச்சு மன்னிக்காது. அச்சு வெட்ட லட்சக்கணக்கில் செலவாகும் என்பதால், வெட்டிய பிறகு தெரியவந்தால் ஸ்டார்ட்அப்பின் கையிருப்பே கரைந்துவிடும்.

நம் பொறியாளருக்கு இது அன்றாடம் பார்த்த விஷயம். ஆனால் அவர் கூட்டத்தில் கைகுலுக்கி, தன்னை ஃப்ரீலான்ஸ் டிசைனர் என்று அறிமுகம் செய்துகொண்டால், கேட்பவர் லோகோ வரைகிறவர் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரியை அச்சுப் பட்டறை திருப்பி அனுப்பாதபடி மாற்றித் தருகிறேன் என்று சொன்னால், அந்தக் கூட்டத்தில் ஒருவராவது நிற்பார். நிற்காதவர்களும் அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்வார்கள், தங்களுக்குத் தெரிந்த யாராவது மாட்டிக்கொள்ளும்போது சொல்வார்கள்.

அவர் புதன்கிழமையைத் தன் நாளாக வைத்துக்கொள்கிறார். சின்ன நிறுவனங்கள் நிறைந்த கோவொர்க்கிங் கூடம் ஒன்றில், வாரம் ஒரு நாளுக்கான கட்டணம் மட்டும் கட்டுகிறார். திங்களன்று குழுக்கூட்டங்கள் இருக்கும், வெள்ளியன்று பாதிப் பேர் வெளியூர் கிளம்பும் மனநிலையில் இருப்பார்கள், ஆகவே வாரத்தின் நடு. மாதம் ஒரு முறை இன்குபேட்டரில் நடக்கும் திறந்த கூட்டத்துக்குப் போகிறார். முதல் புதன் யாரும் பேசவில்லை. இரண்டாம் புதன், முகம் தெரிந்தவர் என்ற அளவில் ஒரு தலையசைப்பு. மூன்றாவது வாரம் கம்யூனிட்டி மேனேஜரிடம் அவர் ஒரு யோசனை சொல்கிறார்: புதன் மாலை நான்கு முதல் ஐந்து வரை, பொருள் செய்கிற யார் வேண்டுமானாலும் வரைபடத்தைக் கொண்டு வரலாம், பார்த்துச் சொல்கிறேன், கட்டணம் இல்லை. மேலாளருக்கு இது வசதி. உறுப்பினர்களுக்குச் சொல்ல அவருக்கு ஒரு செய்தி கிடைக்கிறது, அவரே அழைப்பு அனுப்புகிறார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவருக்கு அரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை என்ற எல்லை வேண்டும். அந்த அரை மணியில் அவர் வரைபடத்தைத் திருத்துவதில்லை. எங்கே சாய்வு இல்லை, எங்கே தடிமன் மாறுகிறது என்று பென்சிலால் வட்டமிட்டுக் காட்டுகிறார். தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது இலவசம், சரிசெய்வது வேலை. இந்தக் கோட்டைத் தாண்டி இலவசமாகத் திருத்தியும் கொடுக்கிறவர்களுக்கு நன்றி நிறையக் கிடைக்கும், வேலை கிடைக்காது. ஐந்தாம் வாரமோ ஏழாம் வாரமோ, வட்டமிட்ட தாளை எடுத்துக்கொண்டு போன ஒருவர் திரும்பி வந்து, இதைச் சரிசெய்து தர எவ்வளவு ஆகும் என்று கேட்பார். அங்கே அவர் சந்திப்பு வாடிக்கையாளர் உறவாக மாறுகிறது.

கேட்ட உடனே வேலை தொடங்கிவிடாது. இன்குபேட்டரில் இருக்கும் ஸ்டார்ட்அப்பின் பணம் எப்படி வருகிறது என்பது தெரிந்தால் இதில் மனக்கசப்பு வராது. மத்திய அரசு 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டத்தில், மாதிரி செய்து பார்க்கும் கட்டத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. அது இன்குபேட்டர் வழியாக, ஒரே தொகையாக அல்லாமல், இன்ன கட்டம் முடிந்தால் இன்ன தவணை என்று வரும். எனவே நிறுவனர் இப்போது வேண்டாம், இரண்டு மாதம் போகட்டும் என்று சொன்னால் அது மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த தவணை எந்தக் கட்டம் முடிந்ததும் வரும் என்று வெளிப்படையாகக் கேட்கலாம். அந்தக் கட்டத்துக்கே இந்த வரைபடம் தேவை என்றால், சிறு முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியைத் தவணைத் தேதியோடு இணைத்து எழுதிக்கொள்ளலாம். வாரந்தோறும் கண்ணில் படுகிறவருக்கு இந்தக் காத்திருப்பு எளிது. நினைவூட்டி மின்னஞ்சல் அனுப்ப வேண்டியதே இல்லை, புதன்கிழமை தேநீர் நேரத்தில் பேச்சு தானாக வந்துவிடும்.

பழக்கம் நெருக்கமாகும்போது கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூன்று. முதலாவது நிறுவனரின் பாதுகாப்பு பற்றியது. ஒரு கருவியைப் பற்றிக் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் அதன் உள்ளமைப்பைப் பொதுவில் வெளியிட்டுவிட்டால், அது புதிது என்று பிறகு உரிமை கோருவது சிக்கலாகிவிடும். ஆகையால்தான் சில நிறுவனர்கள் கூட்டத்தில் வழவழவென்று பேசுவார்கள், உள்ளே எப்படி இயங்குகிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். அது கர்வம் அல்ல. தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால் முழு விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு, அதன்பிறகு அவர்கள் தாராளமாகப் பேசுவார்கள். அதுவரை, எல்லோர் முன்னிலையிலும் துருவிக் கேட்காத ஃப்ரீலான்சரைத்தான் அவர்கள் பிறகு தனியாகக் கூப்பிடுவார்கள். பொது மேசையில் வரைபடத்தைத் திரையில் விரித்துவைக்காமல், சின்னக் கூட்ட அறையை ஒரு மணி நேரத்துக்கு எடுத்துக்கொள்வதும் இதனால்தான்.

இரண்டாவது, வரைபடம் யாருக்குச் சொந்தம் என்பது. மாதச் சம்பளக்காரர் அலுவலக வேலையாக உருவாக்கியது பொதுவாக முதலாளிக்குச் சேரும். ஃப்ரீலான்சர் வரைந்தது அப்படி அல்ல. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை அது பெரும்பாலும் வரைந்தவருக்கே சொந்தம். எழுதிக் கொடுத்தாலும் எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். தேநீர் நேரத்தில் பேசி, கைபேசியில் செய்தி அனுப்பி, பணம் மாறி முடிந்துவிடும் வேலைகளில் இதை யாரும் எழுதுவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து முதலீட்டாளரின் வழக்கறிஞர் இந்த வரைபடத்துக்கு உரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்கும்போது, நிறுவனர் அந்த ஃப்ரீலான்சரைத் தேடி ஓடுவார். முழுத் தொகை வந்ததும் உரிமை முழுவதும், காலமும் இடமும் குறிப்பிட்டு, மாறும் என்று ஒரு பக்கத்தில் முதலிலேயே எழுதிக் கொடுக்கும் ஃப்ரீலான்சர் அந்த இன்குபேட்டரில் தனித்துத் தெரிவார். பணம் வராமல் உரிமை போகாது என்பதால் அது அவருக்கும் காவல்.

மூன்றாவதுதான் அதிகம் பேரைச் சறுக்கவைப்பது. பணம் இல்லாத நிறுவனர், சம்பளத்துக்குப் பதிலாகக் கம்பெனியில் பங்கு தருகிறேன் என்பார். பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணம் இருக்காது, உண்மையாகவே நம்பித்தான் சொல்வார். ஆனால் உழைப்புக்குப் பதிலாகத் தரும் ஸ்வெட் ஈக்விட்டி பங்குகளை நிறுவனச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு இயக்குநர்களுக்கும் ஊழியர்களுக்கும்தான் அனுமதிக்கிறது. ஊழியர் பங்குத் திட்டமும் பெயருக்கேற்ப ஊழியர்களுக்குத்தான். வெளியே இருந்து வேலை செய்து தருகிறவருக்கு அந்த இரண்டு வழிகளும் இல்லை. பங்கை வேறு முறையில் ஒதுக்க வேண்டும், அதற்கு மதிப்பீட்டு அறிக்கை, தீர்மானம், பதிவு என்று நடைமுறைகள் இருக்கின்றன. எந்த முறையில், எப்போது ஒதுக்குவீர்கள், உங்கள் கம்பெனி செயலர் என்ன சொன்னார் என்று கேட்டால் போதும். பதில் இருந்தால் யோசிக்கலாம். பதில் இல்லாவிட்டால் தொகையைக் குறைத்துக்கொண்டு பணமாகவே வாங்கிக்கொள்வது மேல். நாளை அதே சமையலறையில் அதே ஆளைப் பார்க்க வேண்டியிருப்பதால், தெளிவாகக் கேட்டுவிடுவதுதான் உறவுக்கும் நல்லது.

கோயம்புத்தூரில் இரண்டு வகை இடமும் இருக்கிறது, எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் தோற்றத்துக்கு இருப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. திருச்சியின் ட்ரெக்ஸ்டெப் 1986-இல் தொடங்கியது, கோவொர்க்கிங் என்ற ஏற்பாடு உலகத்துக்கு அறிமுகமாவதற்குப் பல ஆண்டுகள் முன்பு. பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இன்குபேட்டர்கள் உள்ளன. அந்த ஊர்க்காரர்களுக்கே அது தெரியாமலும் இருக்கலாம். கட்டடமே இல்லாத இடத்தில் ஆட்களிலிருந்து தொடங்கியவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் என்ற அமைப்பு, போர் முடிந்து சில ஆண்டுகளில், 2011-இல் தன்னார்வலர்களின் முயற்சியாகத் தொடங்கியது. பிறகு ஆண்டுதோறும் யாழ் கீக் சேலஞ்ச் போட்டியை நடத்தி அந்தப் பகுதி இளைஞர்களை ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக ஆக்கியது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இண்டி ஹால் என்ற கோவொர்க்கிங் கூடத்தைத் தொடங்கியவர்களும், காபிக் கடைகளில் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு கூட்டத்தைச் சேர்த்த பிறகுதான் கட்டடம் பார்த்தார்கள்.

எத்தனை நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மூன்று மாதம் நியாயமான அவகாசம். அதற்குள் கிடைத்த வேலையை மட்டும் எண்ணினால் தவறான முடிவுக்கு வர நேரும். இவர் என்ன செய்கிறார் என்று ஒரு வாக்கியத்தில் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அந்த இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். யாராவது ஒரு சந்தேகத்தோடு தானாக இவர் மேசைக்கு வந்தார்களா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் நடந்திருந்தால் வேலை வரும் வழியில் இருக்கிறது, இன்னும் சில மாதம் தொடரலாம். இரண்டும் நடக்கவில்லை என்றால் கட்டடத்தைக் குறைசொல்லும் முன் நாளை மாற்றிப் பார்க்கலாம், அதற்குச் செலவில்லை. புதன்கிழமை வெறிச்சோடியிருக்கும் தளம் வியாழக்கிழமை நிறைந்திருக்கக்கூடும், மேலாளரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அடுத்து இருக்கையை மாற்றலாம், நடமாட்டம் இருக்கும் பக்கமாக. அதன்பிறகும் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரே கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டியவர்கள் மட்டுமே தெரிந்தால், அந்த மாதக் கட்டணத்தோடு வேறு இடம் பார்த்துவிடலாம்.